கட்டட வேலை நின்ற மாதங்களின் வட்டி: உங்கள் அனுபவம் என்ன?

பேரேடு:
தணிக்கைக்குப் போன இடத்தில் நடந்தது; இன்னும் மனத்தை அரிக்கிறது. தொழிற்சாலைக் கட்டடத்துக்கென்றே வாங்கிய 10 கோடி கடன், வட்டி 12 சதவீதம், ஆக மாதம் 10 லட்சம். கடன் கைக்கு வந்த நாள்முதல் உற்பத்தி தொடங்கும்வரை 16 மாத வட்டி முழுவதையும், 1 கோடியே 60 லட்சத்தை, கட்டடத்தின் அடக்கவிலையில் ஏற்றியிருந்தார்கள். வங்கித் தாள்கள் அத்தனையும் சரி. சிமெண்ட் வரவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். ஏழாம் மாதம் தொடங்கி ஒன்பதாம் மாத முடிவுவரை ஒரு மூட்டை வரவில்லை. வாயில் பதிவேட்டில் காவலாளிகள் பணி மாறிய கையெழுத்துகள் மட்டும், பக்கம் பக்கமாக. ஒப்பந்தக்காரருடன் பில் தகராறாம். "வேலை நின்றால் வங்கி வட்டியை நிறுத்திவிடுமா?" என்று கணக்கு மேலாளர் என்னிடம் சத்தம் போட்டார். அந்த 30 லட்சத்தைச் செலவில் எழுத வைத்தோம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டடம் 12ஆம் மாத முடிவில் தயார். இயந்திரங்கள் வரத் தாமதமானதால் உற்பத்திக்கு மேலும் நான்கு மாதம் ஆனது. அந்த 40 லட்சத்தையும் வெட்டினோம். அதுதான் உறுத்துகிறது.

திட்டக்கடன்:
மேலாளர் பக்கம்தான் நியாயம். வங்கி கடன் தரும்போதே கட்டுமானக் கால வட்டியைத் திட்டச் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது. நான் பார்த்த ஒரு திட்டத்தில் மழையால் இரண்டு மாதம் வேலை நின்றது. தணிக்கையாளர் ஒரு ரூபாயைக்கூட வெட்டவில்லை.

முதல் தளம்:
எனக்கும் இதே கொடுமைதான். வீட்டுக் கடனில் தவணை தள்ளிவைத்த மாதங்களின் வட்டியை அசலோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது வட்டிக்கும் வட்டி கட்டுகிறேன். யாரிடம் முறையிடுவது?

மூத்த கணக்கர்:
முதல் தளம், உங்களுடையது கடன் கொடுத்தவர் தன் பாக்கியைக் கூட்டிக்கொண்ட விவகாரம். இங்கே பேசுவது கடன் வாங்கியவர் தன் ஏட்டில் வட்டியை எங்கே எழுதுவது என்பதை.

திட்டக்கடன், மழை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அந்தப் பகுதியில் அந்தப் பருவத்தில் எப்போதும் வருகிற தடை என்றால் அது வேலையின் ஓர் அங்கம். வட்டி தொடர்ந்து ஏறும். பில் தகராறு அப்படியல்ல. வங்கியின் திட்டச் செலவு, பணம் போதுமா என்று பார்க்கும் கணக்கு. அது சொத்தின் அடக்கவிலையைத் தீர்மானிக்காது. வேலை நின்றிருந்தாலும் வரைபடம், அனுமதி போன்ற கணிசமான பணிகள் நடந்தனவா என்று பேரேடு பார்த்திருப்பார் என நம்புகிறேன்.

ஒன்று கேட்கிறேன்: 10 கோடியும் முதல் நாளே வந்துவிட்டதா? செலவாகாத பணம் எங்கே இருந்தது?

பேரேடு:
பார்த்தோம் ஐயா, எதுவும் நடக்கவில்லை. பணம் முழுவதும் முதல் நாளே வந்தது. 4 கோடி உடனே ஒப்பந்தக்காரருக்குப் போனது. மீதி 6 கோடி ஆறு மாதம் வைப்பில், 6 சதவீதத்துக்கு. அந்த 18 லட்சத்தை 'இதர வருமானம்' என்று காட்டியிருந்தார்கள்.

மூத்த கணக்கர்:
அங்கேயும் ஒரு திருத்தம் வேண்டும். இந்தக் கட்டடத்துக்கென்றே வாங்கிய கடன் என்பதால், அதைத் தற்காலிகமாக முதலீடு செய்து ஈட்டியதை வட்டியில் கழித்துவிட வேண்டும். சர்வதேசக் கணக்கியல் தரநிலை 23 அப்படித்தான் சொல்கிறது. முதல் ஆறு மாதத்துக்கு 60 லட்சத்தில் 18 போக 42. கடைசி மூன்று மாதத்துக்கு 30. கட்டடத்தில் ஏற வேண்டியது 72 லட்சம். பொதுக் கடனிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தால் கணக்கே வேறு: சராசரி வட்டி விகிதத்தைச் செலவான தொகைக்கு மட்டும் போட வேண்டும், வைப்பு வட்டியைக் கழிப்பது அங்கே இல்லை.

அந்த நான்கு மாதத்தைப் பற்றி: கூரை, தரை, மின்சாரம் முடிந்து கட்டடம் தனியாகவே பயன்படும் நிலையில் இருந்தால் வெட்டியது சரி. தேய்மானமும் அன்றே தொடங்கியிருக்க வேண்டும்.

உருக்காலை:
இதை ஏற்கமாட்டேன். நான் வேலை பார்த்த ஆலையில் உலை அடித்தளமும் கட்டடமும் ஒன்றாகவே எழுந்தன. ஒரு பிரிவு முடிந்தால் அடுத்தது இல்லாமல் எதற்கும் உதவாது. உருக்காலை போன்றவற்றில் எல்லாம் முடியும்வரை வட்டி ஏறலாம் என்று அதே தரநிலைதான் சொல்கிறது. பேரேடு சொல்லும் இயந்திரங்கள் எப்படிப்பட்டவை?

கணக்குப்பிள்ளை:
எங்கள் நிறுவனத்தில் ஒரே வங்கிக் கணக்கில் கடன் பணமும் விற்பனைப் பணமும் கலந்துபோய், எதிலிருந்து சிமெண்டுக்குக் கொடுத்தோம் என்று காட்டவே முடியவில்லை. ஆகவே கட்டப்போகிறவர்கள் கடனுக்குத் தனி வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். மாதக் கடைசியில் தளப் பொறியாளரிடம் அந்த மாதம் என்ன வேலை நடந்தது என்று தேதியோடு ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். வேலை நின்றால் நின்ற நாளையும் காரணத்தையும் அன்றே கடிதத்தில் பதிவு செய்யுங்கள். கட்டடம் முடிந்ததற்குப் பொறியாளரின் சான்றை உடனே பெறுங்கள். வண்ணப்பூச்சு பாக்கி, தடுப்புச்சுவர் பாக்கி என்று இழுத்தால், அதைச் சாக்காக வைத்து வட்டியும் கூடவே இழுபடும்.

பேரேடு:
உருக்காலை நண்பருக்கு: எல்லாம் தனித்தனி தையல் இயந்திரங்கள். தரையில் நிறுத்தி மின்இணைப்புக் கொடுத்தால் ஓடும்.

உருக்காலை:
அப்படியானால் கட்டடத்தைப் பொறுத்தவரை வெட்டியது சரி. கொதிகலனும் அதற்கான குழாய்களும் கட்டடத்தோடு பிணைந்திருந்தால் மட்டும் மறுபடி பாருங்கள்.

பேரேடு:
கொதிகலன் ஒன்று உண்டு, சலவைப் பிரிவுக்கு. அந்தப் பகுதியின் பங்கை நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை.