புரொஜெக்டரில் புளூடூத் இருக்கிறது, ஸ்பீக்கர் சேரவில்லை. உதவி தேவை

வாணி_வகுப்பறை
அவசரம். நாளை மறுநாள் பயிற்சி வகுப்பு. புரொஜெக்டரில் புளூடூத் இருக்கிறது, ஸ்பீக்கரிலும் இருக்கிறது, இரண்டும் சேரவே மாட்டேன் என்கின்றன. புரொஜெக்டரின் சொந்தச் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்பதில்லை. அறையின் குறுக்கே ஒயர் இழுக்க வழியில்லை. என்ன செய்யலாம்?

சுந்தர்_ஒலி
என்ன மாடல்? படம் எதிலிருந்து வருகிறது, மடிக்கணினியா பென்டிரைவா? புரொஜெக்டரின் பின்பக்கம் ஆடியோ அவுட் துளை இருக்கிறதா?

மூத்தவர்72
கையேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்கும் பழக்கமே போய்விட்டது. புளூடூத் என்று எழுதியிருந்தால் சத்தத்தை வெளியே அனுப்பும் என்று யார் சொன்னது? சில புரொஜெக்டர்களில் அது ரிமோட்டுக்கு மட்டும். சிலவற்றில் போனிலிருந்து பாட்டை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

கவின்
புரொஜெக்டரை விடுங்கள். ஸ்பீக்கரை மடிக்கணினியோடு சேருங்கள். எச்டிஎம்ஐ செருகியதும் சத்தம் தானாகப் புரொஜெக்டருக்குப் போய்விடும். கீழே மூலையில் இருக்கும் ஒலிக் குறியை அழுத்தி ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் படம் அங்கே, சத்தம் இங்கே.

வாணி_வகுப்பறை
சொல்ல மறந்துவிட்டேன். நான்கு ஆசிரியர்கள், நான்கு மடிக்கணினிகள், எச்டிஎம்ஐ ஒன்று. ஒவ்வொருவரும் ஸ்பீக்கரைச் சேர்ப்பதற்குள் பத்து நிமிடம் போகிறது. முந்தையவரின் கணினியையே அது போய்ப் பிடித்துக்கொள்கிறது. கூரையில் மாட்டியிருப்பதால் மாடல் எண் தெரியவில்லை. ஏணி போட்டுப் பார்த்ததில் 3.5 மிமீ ஆடியோ அவுட் இருக்கிறது.

சுந்தர்_ஒலி
துளை இருக்கிறதென்றால் வேலை சுலபம், மேடம். புளூடூத் டிரான்ஸ்மிட்டர் ஒன்று வாங்கி அதில் செருகுங்கள். ரிசீவர் வாங்கிவிடாதீர்கள், பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு வேலையும் செய்கிற கருவியானால் பக்கவாட்டுச் சுவிட்சை TX பக்கம் தள்ளவேண்டும்.

மின்சாரத்தைப் புரொஜெக்டரின் யுஎஸ்பியிலிருந்து எடுத்துப் பாருங்கள். விளக்கு எரியவில்லை, அல்லது கொஞ்ச நேரத்தில் அணைகிறது என்றால் அந்தத் துளை போதிய மின்சாரம் தரவில்லை. அப்போது போன் சார்ஜர்தான் வழி.

சேர்க்கும்போது அந்த ஸ்பீக்கரை முன்பு பிடித்த எல்லாப் போன், கணினிகளிலும் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். சேர்ந்தும் சத்தம் வரவில்லையென்றால் புரொஜெக்டரின் ஒலி அளவைக் கூட்டுங்கள். பல மாடல்களில் ஆடியோ அவுட்டின் சத்தமும் அதைப் பொறுத்தே ஏறி இறங்கும்.

மலர்_பயிற்சி
எங்கள் அறையிலும் புளூடூத் ஸ்பீக்கர்தான். காலர் மைக்கைக் கணினி வழியாக அதில் விட்டோம். நான் ஒரு சொல் சொல்லி முடித்த பிறகு அது வருகிறது, பேச்சே தடுமாறுகிறது. இதற்கும் டிரான்ஸ்மிட்டர் உதவுமா?

சுந்தர்_ஒலி
உதவாது. நேரடிப் பேச்சைப் புளூடூத்தில் விடவே கூடாது. மைக்கின் ரிசீவரை ஸ்பீக்கரின் ஆக்ஸ் துளையிலேயே செருகுங்கள்.

மூத்தவர்72
இதற்குத்தான் ஒயர் என்று ஒன்று இருக்கிறது. சுவரோரம் பட்டை ஓட்டினால் ஒரு நாள் வேலை. வைஃபையும் புளூடூத்தும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதிக்கொள்ளும், சத்தம் விட்டுவிட்டு வரும்.

கவின்
எங்கள் அறையில் நாற்பது போன்கள் இருந்தும் ஒருமுறைகூட விட்டதில்லை. புளூடூத் நெரிசலான அலைவரிசையைத் தவிர்த்துத் தாவிக்கொள்ளும் சார்.

மூத்தவர்72
சிறிய அறையில் தாவும். இடையில் ஆட்கள் நிறைந்திருக்கும்போது பாருங்கள், மனித உடம்பு அந்த அலையை நன்றாகவே உறிஞ்சும்.

சுந்தர்_ஒலி
இதில் மூத்தவர் சொல்வது சரி. ஸ்பீக்கரைத் தலை மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

வாணி_வகுப்பறை
வாங்கிவிட்டேன், சத்தம் வருகிறது! யுஎஸ்பியில் விளக்கு அணைந்தது, சார்ஜர் போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் வீடியோவில் வாயசைவுக்குப் பிறகு குரல் வருகிறது. கவின் சொன்னபடி கணினியில் சேர்த்தபோது இப்படி இல்லையே?

சுந்தர்_ஒலி
கணினியே புளூடூத்தில் அனுப்பும்போது தாமதம் எவ்வளவு என்று அதற்கு ஓரளவு தெரியும், பிளேயர் படத்தை அதற்கேற்பப் பிடித்துவைக்கும். இப்போது அது எச்டிஎம்ஐயில் அனுப்புகிறது. புரொஜெக்டருக்குப் பின்னால் இன்னொரு கருவி இருப்பதே அதற்குத் தெரியாது.

கோப்பாக இருக்கும் வீடியோவை வி.எல்.சி.யில் போடுங்கள். J விசை ஒரு தட்டுக்கு 50 மில்லிவினாடி சத்தத்தை முன்னுக்கு இழுக்கும். சாதாரணப் புளூடூத்துக்கு நான்கு தட்டில், அதாவது -200 ms வாக்கில், பொருந்தும். அதிகமாகிவிட்டால் K. உதடு மூடும் ‘ப’, ‘ம’ எழுத்துகளைப் பார்த்துச் சரிசெய்யுங்கள், அதில்தான் பிசகு பளிச்சென்று தெரியும்.

கவின்
ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்று தாமதத்தைக் குறைக்கும் முறை உள்ள டிரான்ஸ்மிட்டர் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சுந்தர்_ஒலி
ஸ்பீக்கரிலும் அது இருந்தால்தான். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பழைய தாமதமேதான்.

வாணி_வகுப்பறை
ஐந்து தட்டில் பொருந்தியது. நன்றி சார். வகுப்புக்கு ஓடுகிறேன்.

மலர்_பயிற்சி
மேடம், இணையத்தில் நேரடியாக ஓடும் வீடியோவுக்கு என்ன செய்தீர்கள்? அதில் J வேலை செய்யாதே?