நாட்ரியூரெடிக் பெப்டைடு: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

செல்வராணி:

எல்லாருக்கும் வணக்கம். மூத்தோருக்கான விளக்கத்தாள் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு இரத்தம் எடுத்து, கோளாறு இதயத்திலா நுரையீரலிலா என்று பார்க்க ஒரு சோதனை செய்கிறார்கள் அல்லவா, அதைப் பற்றிய தாள். சோதனைக்குப் பெயர் நாட்ரியூரெடிக் பெப்டைடு. சீட்டில் பிஎன்பி என்றோ என்டி-புரோபிஎன்பி என்றோ போட்டிருக்கும். தாளை ஒரு தாதி கையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும், அதனால் நாக்கில் நிற்கிற சொல் வேண்டும். இப்போதைக்கு "இதயச் செயலிழப்புச் சுட்டி" என்று வைத்திருக்கிறேன். சரியா?

பழனியப்பன்:

அம்மா, சொல்லைப் பிரித்துப் பாருங்கள். நேட்ரியம் என்றால் சோடியம், யூரெடிக் என்றால் சிறுநீரில் போக்குவது. உப்பைச் சிறுநீர் வழியாக இறக்குகிறது, ஆகவே "உப்பிறக்கி". பெப்டைடுக்குப் "புரதத்துணுக்கு". சீட்டில் இருக்கும் பி என்ற எழுத்து மூளையைக் குறிக்கும், 1988இல் ஜப்பானியர்கள் முதலில் பன்றியின் மூளையிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார்கள். எனவே "மூளை உப்பிறக்கிப் புரதத்துணுக்கு". கொஞ்சம் நீளம்தான், ஆனால் மூலத்துக்கு உண்மையாக இருக்கும். மற்றபடி விஷயம் எளிது. இதயம் கெட்டால் எண் ஏறும், நுரையீரல் கெட்டால் ஏறாது. அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள், போதும்.

கோவிந்தசாமி:

வணக்கம். உப்பிறக்கி என்று பார்த்ததும் கேட்கத் தோன்றியது. எனக்கும் இந்தச் சோதனை எடுத்தார்கள். வயது 68, கப்பல் பட்டறையில் வேலை, நாற்பது வருடம் சிகரெட். நுரையீரல் அடைப்பு நோய் என்று சொல்லி இன்ஹேலர் இழுத்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் மூச்சு வாங்கி, காலும் வீங்கி, அவசரப் பிரிவுக்குப் போனேன். என்டி-புரோபிஎன்பி 780 என்று செயலியில் வந்தது, பக்கத்தில் சிவப்புக் குறி. எனக்குத் தூக்கமே போச்சு. ஆனால் டாக்டரம்மா "இது நுரையீரல்தான் ஐயா, இதயத்தின் இடது பக்கம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சிவப்புக் குறி சொல்வதா சரி, டாக்டர் சொல்வதா சரி? இன்னொன்று, சோதனைக்கு முன்னால் நெத்திலிக் கருவாட்டை நிறுத்தியிருந்தால் உப்பு குறைந்து எண்ணும் இறங்கியிருக்குமா?

ஹமீதா:

கோவிந்தசாமி அண்ணே, இது உப்பை அளக்கும் சோதனை இல்லை. இரத்தத்தில் சோடியம் எவ்வளவு என்று பார்ப்பது வேறு சோதனை, அதற்கு வேறு சீட்டு. கருவாட்டுக் கேள்வியை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், கால் வீக்கத்துக்கு அது முக்கியமான கேள்விதான், இந்த எண்ணுக்காக இல்லை.

பழனியப்பன் ஐயா, பார்த்தீர்களா, சொல் வெளியே வந்த அன்றைக்கே ஒருவர் உப்புச் சோதனை என்று எடுத்துக்கொண்டார். வேர்ச்சொல்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஆய்வகத்தில் நாங்கள் இதை அளப்பது உப்பு இறங்கியதா என்று பார்க்க இல்லையே.

சிவப்புக் குறியைப் பற்றி மட்டும் ஒன்று. பல ஆய்வகங்கள் 125க்கு மேல் போனாலே குறி வைக்கும். அது நிதானமாக நடந்து மருந்தகத்துக்கு வருகிறவர்களுக்கான கோடு. அவசரப் பிரிவில் மூச்சு முட்ட வருகிறவருக்கு மருத்துவர்கள் பார்க்கும் கோடு வேறு. இயந்திரத்துக்கு யார் எந்த வாசல் வழியாக வந்தார் என்று தெரியாது. மிச்சத்தை டாக்டர் சொல்லட்டும்.

டாக்டர் இளங்கோவன்:

பணி முடிந்து இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். கோவிந்தசாமி ஐயா, உங்களைப் பரிசோதித்த மருத்துவர் அவர், நான் இல்லை. எண்ணை எப்படிப் படிப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன், அதிலேயே செல்வராணியின் கேள்விக்கும் பாதி விடை இருக்கிறது.

இதயத்தின் கீழறைச் சுவர் இழுபடும்போது அந்தத் தசையே இந்தப் பெப்டைடை வெளியே விடுகிறது. இடது கீழறை சரியாகத் தள்ளாமலோ சரியாகத் தளராமலோ போனால் உள்ளே அழுத்தம் கூடி, சுவர் இழுபட்டு, அதே அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்கும் போய் நீர் கோத்துக்கொள்கிறது. மூச்சு முட்டுவதும் எண் ஏறுவதும் ஒரே காரணத்தால் வருகின்றன. அதனால்தான் இதயத்தால் வரும் திணறலில் எண் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் நிற்கும். ஆஸ்துமாவில் இடது கீழறைக்கு இப்படி எதுவும் நடப்பதில்லை, காற்றுக்குழாய் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காதில் இரண்டுமே விசில் சத்தமாகக் கேட்கலாம். இதயத்தால் வரும் இழுப்பை ஆஸ்துமா என்று நினைத்து நெபுலைசர் வைப்பது எங்கேயும் நடக்கிற கதை.

இங்கேதான் பழனியப்பன் ஐயாவின் ஒரு வரி இடறுகிறது. நுரையீரல் கெட்டால் எண் ஏறாது என்று எழுதிவிட முடியாது. பல வருட அடைப்பு நோயில் நுரையீரலின் இரத்தக்குழாய்கள் இறுகிப்போகும். அவற்றுக்குள் இரத்தத்தைத் தள்ளுவது வலது கீழறை. அது முக்கித் தள்ளித் தள்ளி விரிகிறது, அந்தச் சுவரும் இதே பெப்டைடைத்தான் விடும். நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்தாலும் இதே கதை. எண்ணுக்கு வலது இடது தெரியாது.

இப்போது 780. அவசரப் பிரிவில் என்டி-புரோபிஎன்பி 300க்குக் கீழே இருந்தால், திடீர் இதயச் செயலிழப்பு இல்லை என்று ஏறக்குறைய நம்பி நுரையீரல் பக்கம் திரும்பலாம். மேல் கோடு வயதைப் பொறுத்தது: 50க்குக் கீழ் 450, 50 முதல் 75 வரை 900, அதற்கு மேல் 1,800. 68 வயதுக்காரருக்கு 780 என்பது இரண்டு கோட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எண், அதை மட்டும் வைத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. நான் முதலில் கேட்பது பழைய எண்ணை. ஐயா, நன்றாக இருந்தபோது எப்போதாவது எடுத்திருக்கிறார்களா? அப்புறம் எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் படம் பிடித்துப் பார்க்கும் சோதனை. இடது கீழறை நன்றாகச் சுருங்கித் தளர்கிறது, வலது கீழறை பெருத்திருக்கிறது, நுரையீரல் தமனி அழுத்தம் கூடியிருக்கிறது என்று வந்தால் அந்த 780 எங்கிருந்து வந்தது என்பதும் கால் ஏன் வீங்கியது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

ஆகவே "இதயச் செயலிழப்புச் சுட்டி" வேண்டாம். அந்தப் பெயரைத் தாளில் படித்துவிட்டுச் செயலியில் சிவப்பைப் பார்ப்பவர் அன்றைக்கே உயில் எழுதப் போய்விடுவார்.

கோவிந்தசாமி:

இருக்கிறது டாக்டர். போன வருடம் பலதுறை மருந்தகத்திலிருந்து அனுப்பி எடுத்தது, அப்போது 640. எக்கோவும் எடுத்தார்கள், நீங்கள் சொன்ன மாதிரியே வலது பக்கம் பெரிது என்றுதான் சொன்னார்கள். ஆக்சிஜன், ஸ்டீராய்டு மாத்திரை, ஆன்டிபயாடிக், நீர் இறங்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நாலு நாளில் மாடிப்படி ஏறினேன்.

டாக்டர் இளங்கோவன்:

640இலிருந்து 780 பெரிய ஏற்றமே இல்லை ஐயா, நோய் மாறாதவரிடம் கூட அந்த அளவு கூடிக் குறையும். 640 இருந்தவர் 3,000த்தோடு வந்திருந்தால் உங்கள் டாக்டரம்மா வேறு மாதிரி பேசியிருப்பார். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் நன்றாக இருக்கும்போதே ஓர் அளவு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஹமீதா:

பெயருக்கு வருவோம். "இதயச்சுமைப் பெப்டைடு" என்றால் என்ன? சுவர் இழுபடுகிறது, இதயத்தின் மேல் சுமை ஏறியிருக்கிறது, அவ்வளவைத்தான் சோதனை சொல்கிறது. இடது, வலது, செயலிழப்பு எதையும் பெயர் உறுதியாகச் சொல்லிவிடாது.

ஆனால் இரண்டு சோதனைகளையும் ஒரே பெயரில் அடைக்காதீர்கள். தசை முதலில் ஒரு நீளமான சங்கிலியைச் செய்கிறது, அது வெட்டுப்பட்டு இரண்டாகிறது. 32 அமினோ அமிலம் உள்ள துண்டு பிஎன்பி, உப்பிறக்கும் வேலையை அதுதான் செய்கிறது. மிச்சம் 76 உள்ளது என்டி-புரோபிஎன்பி, அதற்கு வேலை எதுவும் கிடையாது, இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும், அவ்வளவுதான். ஐயா, அப்படிப் பார்த்தால் உப்பே இறக்காத துண்டுக்கு உப்பிறக்கி என்று பெயர் வைக்கிறோம்!

கோடுகளும் வேறு. பிஎன்பிக்கு அவசரப் பிரிவில் 100, மற்றதற்கு டாக்டர் சொன்ன 300. சாக்குபிட்ரில் கலந்த இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு பிஎன்பி தானாகவே ஏறும், ஏனென்றால் அதை உடைக்கும் நொதியைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. என்டி-புரோபிஎன்பியை அந்த நொதி தொடுவதில்லை. ஒரு மருத்துவமனையில் ஒன்று, இன்னொன்றில் மற்றது என்று எடுத்து இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கவலைப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பழனியப்பன்:

இதயச்சுமை என்றதும் எனக்குக் காதலில் தோற்றவன்தான் நினைவுக்கு வருகிறான். கலைச்சொல்லுக்கு இறுக்கம் வேண்டாமா? மேலும் இதே குடும்பத்தில் ஏஎன்பி இருக்கிறது, சிஎன்பி இருக்கிறது. சிஎன்பி பெரும்பாலும் இரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து வருவது, அதற்கும் இதயச்சுமை என்பீர்களா? குடும்பப் பெயர் உப்பிறக்கியாகவே இருக்கட்டும். மூளையை வேண்டுமானால் விட்டுவிட்டு "பி வகை" என்று போடலாம்.

டாக்டர் இளங்கோவன்:

சிஎன்பி பற்றி ஐயா சொல்வது நல்ல கேள்வி, எனக்கு உடனே பதில் இல்லை. பாடநூலுக்கு உப்பிறக்கி, சோதனைக்கு இதயச்சுமை என்று பிரித்துக்கொண்டால் எனக்குச் சம்மதம்.

செல்வராணி:

அப்படியானால் ஒரு கேள்வி. எண் குறைவாக இருந்தால் "இதயத்தில் சுமை இல்லை" என்று தாளில் எழுதிவிடலாமா?

டாக்டர் இளங்கோவன்:

எழுதாதீர்கள். உடல் பருமன் அதிகமுள்ளவர்களுக்கு இதயம் உண்மையிலேயே திணறிக்கொண்டிருக்கும்போதும் எண் தாழ்வாக இருக்கும். அவர்களுக்கு பிஎன்பி கோட்டைப் பாதியாக, 50 என்று வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. கும்மென்று நுரையீரலில் நீர் கோத்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் எண் ஏற நேரம் இருந்திருக்காது. எதிர்ப்பக்கம், சிறுநீரகம் பழுதானவருக்கும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்காரருக்கும் வேறு காரணமே இல்லாமல் ஏறியிருக்கும். தாளில் இவ்வளவும் வேண்டாம்.

செல்வராணி:

சரி, இப்படி எழுதுகிறேன்: "இது இதயச்சுமைச் சோதனை. எண் தாழ்வாக இருந்தால் மூச்சுத்திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் இதயம் அல்ல. எண் கூடியிருந்தால் இதயச் சுவர் இழுபடுகிறது என்று பொருள், நுரையீரல் நோயாலும் அப்படி ஆகலாம், அதனால் எக்கோ எடுக்கச் சொல்வார்கள். சீட்டில் பிஎன்பி, என்டி-புரோபிஎன்பி இரண்டில் எது என்று பார்த்துவிட்டுப் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்."

ஹமீதா:

கடைசி வாக்கியம் நல்லது. "என்டி" என்பதற்கு "முனைத்துண்டு" என்று போடலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் சீட்டில் இருக்கும் எழுத்தும் தாளில் இருக்கும் எழுத்தும் ஒன்றாக இல்லாவிட்டால் தாதி தடுமாறுவார். அப்படியே விட்டுவிடுங்கள்.

பழனியப்பன்:

"எக்கோ"வை மட்டும் சும்மா விட்டுவிட்டீர்களே. எதிரொலி வரைவு என்று எழுதக் கூடாதா?