கலைச்சொல் விவாதம்: வெளியீட்டுக்கு முன் தனிவிவரங்களை அகற்றும் படிக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். கட்டற்ற மென்பொருள் ஒன்றின் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தந்தாக வேண்டும். அதிலுள்ள எடுத்துக்காட்டு ஒரு நகராட்சியின் புகார்ப் பட்டியல். மென்பொருள் தினமும் அதிகாலை 2 மணிக்கு மூலத் தாளிலிருந்து தரவை எடுத்து, புகார் கொடுத்தவரின் பெயர், கைபேசி எண், முகவரி ஆகியவற்றை அகற்றிவிட்டு, எஞ்சியதைப் பொதுப் பக்கத்தில் புதுப்பிக்கிறது. அந்த அகற்றும் படிக்கு, பொத்தானிலும் அடங்கும் சொல் ஒன்று வேண்டும். ‘அநாமதேயமாக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

தமிழாசிரியர்:
ஒப்பாததில் வியப்பில்லை. அகத்திணையில் தலைமக்களைப் பெயர் சொல்லிப் பாடலாகாது என்பதைத் தொல்காப்பியர் ‘சுட்டி ஒருவர்ப் பெயர் கொளப் பெறாஅர்’ என்று வகுத்திருக்கிறார். தாங்கள் கேட்கும் கருத்து அந்தச் ‘சுட்டி’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ‘சுட்டறுப்பு’ என்று ஆள்க.

நூலகர்:
ஆவணங்களில் பெயர் மீது கருப்புப் பட்டை இடுவதைத்தானே கேட்கிறீர்கள்? அதற்கு ‘மறைப்பு’ போதும். எங்கள் நூலகத்திற்கு வந்த பிடிஎஃப் ஒன்றில் பட்டைக்கு அடியிலிருந்த எழுத்துகளை நகலெடுத்து ஒட்டியபோது அத்தனையும் படிக்கக் கிடைத்தன.

தரவுப் பொறியாளர்:
அம்மா, தாங்கள் சொன்ன நிகழ்வே ‘மறைப்பு’ ஏன் பொருந்தாது என்பதைக் காட்டிவிடுகிறது. இங்கே பட்டையே கிடையாது. வெளியிடும் கோப்பில் அந்த நெடுவரிசை இருக்கவே கூடாது. அதிலும், அகற்ற வேண்டியவற்றைப் பட்டியலிட்டால் ஏமாந்துபோவோம். நாளை அலுவலர் ஒருவர் மூலத் தாளில் ‘மாற்றுத் தொலைபேசி’ என்று புதிய நெடுவரிசையைச் சேர்த்தால், நம் பட்டியலில் அது இல்லாததால், அதிகாலையில் யாரும் பார்க்காமலே பொதுப் பக்கத்துக்குப் போய்விடும். ஆகவே வைத்துக்கொள்ள வேண்டியவற்றை மட்டுமே எழுதுகிறோம்:

```
keep = ["ward", "category", "month", "status"]
df = df[keep]
```

இந்த வரி, எடுத்த தரவை வட்டில் எழுதுவதற்கு முன்பே ஓட வேண்டும். மூலக் கோப்பை ஒருமுறை, பழைய பதிப்புகளையெல்லாம் சேமித்து வைக்கும் பொதுக் கிட் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டால், மறுநாள் அழித்தாலும் பழைய வரலாற்றில் அது கிடக்கும். ‘புகார் விவரம்’ என்ற நெடுவரிசையையும் நான் சேர்க்கவில்லை. மக்கள் தங்கள் எண்ணையும் வீட்டு அடையாளத்தையும் அதற்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள்.

கல்லூரி மாணவர்:
எதையும் அகற்றத் தேவையில்லை, ஐயா. கைபேசி எண்ணை ஹாஷ் செய்து, அதாவது ஒருவழிக் கணக்கால் வேறொரு எழுத்துத்தொடராக மாற்றிவிட்டால் திரும்பப் பெற முடியாது. ஒரே நபர் பலமுறை புகார் செய்ததையும் கணக்கிடலாம். ‘குறியாக்கம்’ என்று வைக்கலாமே.

தரவுப் பொறியாளர்:
கணக்கிடலாம் என்பது சரி. திரும்பப் பெற முடியாது என்பது தவறு. நம் கைபேசி எண்கள் 10 இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. ஆக மொத்தம் 400 கோடிக்கு மேல் இல்லை. வரைகலை அட்டை உள்ள கணினி அத்தனைக்கும் எம்டி5 என்ற ஹாஷைக் கணக்கிட்டு ஒப்பிட நெடுநேரம் ஆகாது. 2014-இல் நியூயார்க் டாக்சித் தரவில் உரிம எண்களை இப்படித்தான் மாற்றி வெளியிட்டார்கள், அவை மீட்கப்பட்டுவிட்டன. இரகசியச் சாவி சேர்த்தால் தாங்கும், ஆனால் அது புனைபெயர் தருவதாகுமே தவிர அகற்றுவதாகாது.

‘அநாமதேயமாக்கம்’ என்பதை நான் மறுப்பது வடசொல் என்பதற்காக அன்று. அது மிகையாக வாக்களிக்கிறது. ஒரு வார்டில் ஒரு மாதத்தில் ஒரே ஒரு ‘மயானம்’ புகார் இருந்தால், பெயர் இல்லாவிட்டாலும் அந்தத் தெருவுக்கு ஆள் யாரென்று தெரியும். ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கைகளைச் சேர்த்துக் காட்டுவது தனிப் படி.

தமிழாசிரியர்:
பொறியாளர் சொல்வது நெடுநல்வாடை வழக்கு. அதில் பாண்டியன் பெயர் எங்குமே இல்லை. ஆயினும் ‘வேம்பு தலையாத்த நோன்காழ் எஃகம்’ என்று அடையாளப் பூ வந்துவிட்டதால், நச்சினார்க்கினியர் அதை அகமென்று கொள்ள மறுத்துவிட்டார். பெயரை நீக்கினால் மட்டும் சுட்டு நீங்காது. எனவே வேம்பையும் சேர்த்து நீக்குவதற்குச் ‘சுட்டறுப்பு’ என்பதே பொருந்தும்.

கல்லூரி மாணவர்:
ஐயா, எங்களுக்குச் ‘சுட்டி’ என்றால் இணைய இணைப்பு, அல்லது மவுஸ். ‘சுட்டறுப்பு’ என்று பொத்தானில் பார்த்தால் இணைப்பு அறுந்துவிட்டது என்றே எண்ணுவோம்.

தமிழாசிரியர்:
மவுஸுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தது யார் குற்றம்?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. ‘தனிவிவர நீக்கம்’ என்று கையேட்டில் இடுகிறேன். செய்வதை மட்டும் சொல்கிறது, அடையாளமே தெரியாது என்று உறுதி கூறவில்லை. சிறு எண்ணிக்கைகளைச் சேர்க்கும் படிக்குச் ‘சுட்டறுப்பு’ என்பதைச் சொற்பட்டியலில் குறித்து வைக்கிறேன்.

தமிழாசிரியர்:
பாதியை ஏற்றீர்கள், என் மறுப்பையும் குறித்துக்கொள்க.

நூலகர்:
பொத்தானில் ‘தனிவிவரம் நீக்கு’ என்று வந்தால், மூலத் தாளிலேயே பெயர்களெல்லாம் அழிந்துவிடும் என்று எங்கள் அலுவலர்கள் அஞ்சி அதைத் தொடவே மாட்டார்கள். ‘நீக்கி வெளியிடு’ என்று வைக்க முடியுமா?