தேடக்கூடிய பிடிஎஃப்: தமிழில் என்ன சொல்லலாம்?

கவிதா:
வணக்கம். அப்பாவின் பீரோவில் இருந்த கிரயப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாவற்றையும், மொத்தம் 140 தாள், வருடி வைத்துவிட்டேன். எப்படிச் செய்தேன் என்று தம்பிகளுக்குத் தமிழில் ஒரு குறிப்பு எழுதுகிறேன். உள்ளே சொல்லைப் போட்டுத் தேட முடிகிற பிடிஎஃப்புக்கு 'தேடல் கோப்பு' என்று எழுதினால் சரியா?

முருகன்:
தேடலைப் பற்றிய கோப்பு என்று படுகிறதே. 'தேடுகோப்பு'ம் சரிவராது, தேடுபொறி என்றால் தேடுகிற பொறி, கோப்பு எதையும் தேடுவதில்லை. அதைவிட, பிடிஎஃப்பாகச் சேமித்தாலே தேடலாமே, தனிச் சொல் எதற்கு?

இளங்கோ:
முருகன் ஐயா, வருடி தருவது பெரும்பாலும் வெறும் படம்தான். எழுத்துணரி அந்தப் படத்தைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் இருக்கும் அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை வைத்த பிறகுதான் தேட முடியும். கண்ணுக்குத் தெரிவது படம், தேடலில் சிக்குவது அந்த மறைந்த எழுத்து. நான் செய்வது இது:

```
ocrmypdf -l tam+eng --deskew in.pdf out.pdf
```

`tam` தரவைத் தனியாக நிறுவ வேண்டும். வருடும்போது 300 டிபிஐ வையுங்கள். முடிந்ததும் தாளில் கண்ணால் பார்க்கிற ஒரு சொல்லைத் தேடுங்கள். அப்புறம் ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், எழுத்துணரி எங்கே தடுமாறியது என்று அதில் தெரிந்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான தாள்களில் துதிக்கை போட்ட லை, னை வரும், அங்கே நிறையப் பிழை விழும்.

சொல்லுக்கு வந்தால், குடிநீர் என்பது குடிக்கப்படும் நீர்தானே, நீர் குடிப்பதில்லை. அதனால் 'தேடுகோப்பு' இலக்கணப்படி நிற்கும். ஆனாலும் எனக்குப் பிடித்தது 'எழுத்தடுக்கு'. கோப்பில் கூடுதலாக இருப்பது அதுதான், 'இதில் எழுத்தடுக்கு இருக்கிறதா?' என்று கேட்கவும் முடிகிறது.

ராசாத்தி:
எங்கள் தாத்தாவின் பாகப்பிரிவினைப் பத்திரம் முழுக்கக் கையெழுத்து. இரண்டு தடவை ஓட்டினேன், ஒரு வரிகூடத் தேறவில்லை. இதற்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்குத் தேட வராதே?

இளங்கோ:
வராது அக்கா. பழைய கையெழுத்தை இந்த எழுத்துணரி படிக்காது. கோப்பின் பெயரையே தேடும்படி வையுங்கள்: `1961-03-14_பாகப்பிரிவினை_கிழக்குத்தோட்டம்.pdf`. ஆண்டு, மாதம், நாள் என்று எண்ணில் தொடங்கினால் அடைவில் தானாகவே கால வரிசையில் நிற்கும். பெயரை ரொம்ப நீட்ட வேண்டாம். லினக்ஸில் பொதுவாக ஒரு பெயருக்கு 255 பைட்டுதான் இடம், தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு, 'கி' என்ற ஓர் எழுத்தே 6 பைட்டு.

முருகன்:
குடிநீர் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'எழுத்தடுக்கு' என்றால் அச்சுக்கோக்கிறவர் அடுக்கிய எழுத்து என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. 'உரையடுக்கு'?

கவிதா:
உரை என்றால் தம்பிகள் மேடைப்பேச்சு என்று நினைப்பார்கள், ஐயா. கோப்புக்குத் 'தேடுகோப்பு' என்றே எழுதிவிடுகிறேன். அடுக்குக்கு இப்போதைக்கு 'மறைந்த எழுத்து', அதைப் பிறகு பார்ப்போம். வரி ரசீது மட்டும் 22 இருக்கிறது, இன்னும் பெயர் மாற்றவில்லை.