மூலிகை எண்ணெய்ப் போத்தலில் இருக்கும் இலக்கம் எதற்குரியது?

களுவாஞ்சிகுடி அக்கா

பிள்ளை பிறந்து மூன்று நான்கு மாதத்தில் எனக்கு முடி பிடிபிடியாகக் கொட்டத் தொடங்கியது. முகநூலில் நம்ம பக்கத்து ஆள் ஒருவர் காய்ச்சி விற்கும் எண்ணெயை எல்லோரும் புகழ்ந்தார்கள், நானும் எடுப்பித்தேன். போத்தலின் பின்பக்கம் "அரச பதிவு பெற்றது" என்று எழுதி, கீழே ஓர் இலக்கம். எந்தத் திணைக்களத்தின் பதிவு என்று வட்ஸ்அப்பில் கேட்டேன். "கவர்மண்ட் பதிவுதான் அக்கா, பத்திரத்தை அனுப்புறன்" என்று படம் அனுப்பினார்.

பார்த்தால், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்த பத்திரம். பேக்கரி போட்டாலும் சைக்கிள் கடை போட்டாலும் எடுக்கிற அதே பத்திரம்தான். எண்ணெயைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு "21 மூலிகை" என்றார். எந்த 21 என்றால், "அது தொழில் ரகசியம்."

அவர் பொய் சொல்லவில்லை, பதிவு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் வாங்குகிறவள் அதை மருந்துக்குக் கிடைத்த அனுமதி என்றுதானே நினைப்பாள்? உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? நீங்கள் எதைப் பார்த்து வாங்குகிறீர்கள்?

ஆரையம்பதி தம்பி

அக்கா, பத்திரம் எல்லாம் பார்த்து மினக்கெட வேண்டாம். எண்ணெயைக் கொஞ்சம் கிளாசில் ஊற்றி பிரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். உறைந்தால் நல்ல எண்ணெய், உறையாவிட்டால் மினரல் ஒயில் கலந்தது. நான் இப்படித்தான் ஓர் இந்திய எண்ணெயைப் பிடித்தேன். அரைவாசிகூட உறையவில்லை. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன், சண்டை பிடித்துத்தான் காசு வாங்கினேன்.

கல்முனை பாமசி

தம்பி சொல்வது பாதி சரி. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும். பிரிட்ஜுக்குள் கட்டியாகிவிடும். லேபிளில் "தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது" என்று போட்டு, அது உறையாமல் கிடந்தால் சந்தேகப்படலாம். ஆனால் நல்லெண்ணெய் பிரிட்ஜில் உறையாது. மூலிகைத் தைலங்களில் பாதிக்கு மேல் நல்லெண்ணெயில் காய்ச்சுவதுதான் வழக்கம். நீங்கள் திருப்பிக் கொடுத்த போத்தலில் அடி எண்ணெய் எதுவென்று போட்டிருந்தது? அதைப் பார்க்காமல் சண்டை பிடித்திருந்தால் கடைக்காரர் பாவம்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். கவுண்டரில் நின்று நான் பார்த்தவரை, போத்தல்களில் மூன்று விதமான இலக்கம் வரும். ஒன்று அக்கா சொன்ன வியாபாரப் பதிவு. இரண்டாவது, நம் நாட்டு உற்பத்தி என்றால் ஆயுர்வேத திணைக்களத்தின் பதிவு. அந்தத் திணைக்களம் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் இயங்குவது, தலைமையகம் மஹரகம நாவின்னவில். சந்தேகம் என்றால் அங்கே அழைத்து, இந்த இலக்கம் இந்தப் பொருளுக்கு, இந்த உற்பத்தியாளருக்கு உரியதா என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு பொருளின் இலக்கத்தை இன்னொரு போத்தலிலும் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, இந்தியாவிலிருந்து வருவது. இங்கேதான் ஆட்கள் குழம்புகிறார்கள். அங்கே ஒரே மாதிரி எண்ணெயை ஆயுர்வேத மருந்து உரிமத்திலும் செய்யலாம், அழகுசாதன உரிமத்திலும் செய்யலாம். மருந்து உரிமம் என்றால் லேபிளில் "ஆயுர்வேத மருந்து" என்று ஆங்கிலத்தில் இருக்கும், ஒவ்வொரு மூலிகையும் எவ்வளவு என்று அளவோடு போட வேண்டும். அழகுசாதனம் என்றால் பெயர்ப் பட்டியல் போதும், அளவு தேவையில்லை. கூடுதலாக இருப்பது முன்னால் வரும், அவ்வளவுதான். இரண்டிலும் உரிம இலக்கம் உண்மையானதே. ஆனால் அழகுசாதன இலக்கத்தைக் காட்டி "ஆயுர்வேத சிகிச்சை" என்று முன்பக்கம் எழுதினால், அந்த இலக்கம் அந்தப் பேச்சுக்குத் துணை நிற்காது.

இன்னொன்று. பிள்ளை பிறந்த பிறகு கொட்டும் முடி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகவே திரும்பி வரும். அந்த நேரத்தில் எந்த எண்ணெய் பூசினாலும் பேர் அந்த எண்ணெய்க்குத்தான் போகும். முகநூலில் வரும் புகழுரைகளில் கணிசமானவை இப்படித்தான் என்பது என் எண்ணம்.

அக்கரைப்பற்று ராத்தா

நானா, நீங்கள் பாமசிக்காரர் என்பதால் கேட்கிறேன். நான் எண்ணெய் வாங்கவில்லை, "100 வீதம் மூலிகை" என்று போட்ட கறுப்பு மருதோன்றித் தூள் வாங்கினேன். அரை மணித்தியாலத்தில் முடி கரேலென்று ஆனது. அடுத்த நாள் காதுப் பக்கமும் நெற்றியும் வீங்கி, கண் திறக்க முடியவில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் இலைப் படம்தான் இருந்தது. இதற்கும் உரிமம் பார்க்க வேண்டுமா?

கல்முனை பாமசி

ராத்தா, அது வேறு கதை, ஆனால் எண்ணெயை விட முக்கியமான கதை. மருதோன்றி தனியாகக் கறுப்பாக்காது. செம்மஞ்சள், செங்கபிலம், அவ்வளவுதான். அவுரி சேர்த்தால் கறுக்கும், ஆனால் அதற்கு நேரமும் தனிப் பக்குவமும் வேண்டும். அரை மணித்தியாலத்தில் கரேல் என்றால் பெரும்பாலும் பாரா பினைலீன் டையமின் என்ற சாய இரசாயனம் இருக்கும். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் பி.பி.டி. என்று இருக்கிறதா பாருங்கள். பெட்டியை எறிந்துவிடாமல் தோல் வைத்தியரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால் அடுத்த தடவை இன்னும் மோசமாக வரும். வேறு பிராண்ட் என்றாலும் கறுப்புச் சாயத்தின் பக்கமே போக வேண்டாம்.

வந்தாறுமூலை பரியாரியார் மகன்

எல்லோரும் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். என் அப்பாவின் எண்ணெய்க்கு லேபிளே கிடையாது. பழைய சாராயப் போத்தலைக் கழுவிக் காயவைத்துத்தான் கொடுப்பார். ஆனால் என்ன போட்டார் என்று கேட்டால் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லுவார்.

காய்ச்சுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அரைத்த கற்கம் ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, சாறு பதினாறு பங்கு. ஒரு லீற்றர் எண்ணெய்க்குக் கால் கிலோ அளவில் கற்கம், நான்கு லீற்றர் கையாந்தகரைச் சாறு. சாறு முழுக்க வற்றும்வரை சின்ன நெருப்பில் வைக்க வேண்டும். கற்கத்தை எடுத்து விரலால் உருட்டினால் திரி மாதிரி வர வேண்டும். நெருப்பில் போட்டால் படபடவென்று வெடிக்கக் கூடாது, வெடித்தால் இன்னும் நீர் இருக்கிறது என்று அர்த்தம். நீர் மிஞ்சினால் கொஞ்ச நாளில் பூஞ்சணம் பிடித்து நாறிவிடும். முகநூல் எண்ணெய்கள் பல நாறுவது இதனால்தான்.

கல்முனை அண்ணை, கடையில் விற்கும் எண்ணெயில் இந்தக் கணக்கு இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

கல்முனை பாமசி

முடியும் தம்பி. எங்கள் தட்டில் இருக்கும் ஒன்றை எடுத்துச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். 200 மில்லிலீற்றர் போத்தல், முன்பக்கம் முழுக்கச் செவ்வரத்தம்பூ, நெல்லி, கற்றாழை. "ஆயுர்வேத மருந்து" என்று போட்டிருப்பதால் அளவும் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் கையாந்தகரை 500 மில்லிகிராம், நெல்லி 300, செவ்வரத்தை 200, இன்னும் சில, எல்லாம் கூட்டினால் 2 கிராம். பிறகு நல்லெண்ணெய் 10 மில்லிலீற்றர். கடைசியில் "லைட் லிக்விட் பரஃபின், போதிய அளவு". அதாவது மிச்சமெல்லாம் அந்த மினரல் ஒயில்தான், கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு. அதற்கும் கீழே சீ.ஐ. 61565 என்று ஓர் இலக்கம். உரிம இலக்கம் என்று நினைக்க வேண்டாம், அது எண்ணெயில் கரையும் பச்சைச் சாயம். இலையிலிருந்து வந்த பச்சை என்றுதான் வாங்குகிறவர் நினைக்கிறார்.

உங்கள் அப்பாவின் கணக்குப்படி 100 மில்லிலீற்றர் எண்ணெய்க்குக் கற்கமே 25 கிராம் வரும், சாறு தனி. இங்கே மொத்தமும் 2 கிராம். ஆனால் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். அந்த 500 மில்லிகிராம் இலைத்தூள் என்றால் ஒரு சிட்டிகை. சாரம் என்றால் பல கிராம் இலையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். லேபிளில் சாரம் என்று இருக்கிறதா, எத்தனை பங்கு இலைக்கு ஒரு பங்கு சாரம் என்று இருக்கிறதா பாருங்கள். இந்தப் போத்தலில் இரண்டும் இல்லை.

லிக்விட் பரஃபின் விஷம் இல்லை. குழந்தை எண்ணெயிலும் அதுதான். முடியின் மேலே வழுவழுப்பாக நிற்கும், தேங்காய் எண்ணெய் போல முடிக்குள் இறங்காது. மூலிகைத் தைலத்தின் விலை கொடுத்து அதை வாங்குகிறோமே என்பதுதான் என் குறை. நீலிபிருங்காதித் தைலம் போன்ற பழைய நூல் சேர்மானம் என்றால் எந்த நூலின்படி செய்தது என்று லேபிளில் இருக்கும். அந்த நூலில் உள்ள சரக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கம்பனியின் சொந்தக் கலவைக்கு அந்த வசதி இல்லை.

அப்பாவைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தன்னிடம் வரும் நோயாளியைப் பார்த்துக் கொடுப்பது வேறு, பார்சல் கட்டி நாடு முழுக்க அனுப்புவது வேறு.

வந்தாறுமூலை பரியாரியார் மகன்

அங்கேதான் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. கொழும்பில் இருக்கிற சொந்தக்காரர் கேட்டால் பஸ்ஸில் அனுப்புகிறோம். அவர்கள் சிநேகிதருக்கும் கேட்கிறார்கள். எந்த இடத்தில் அது வியாபாரம் ஆகிறது? பதிவுக்குப் போனால் சேர்மானத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், அப்பா அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். "கேட்டவனுக்குச் சொல்லுவேன், கந்தோருக்கு எழுதிக் கொடுக்க மாட்டேன்" என்கிறார்.

களுவாஞ்சிகுடி அக்கா

தம்பி, சொல்ல மறுக்கிறவரைவிட உங்கள் அப்பா எவ்வளவோ மேல். ஆனால் போத்தல் கொழும்புக்குப் போன பிறகு அந்தத் திண்ணை அங்கே இல்லையே. ஒரு துண்டுக் கடதாசியில் சேர்மானம், காய்ச்சிய திகதி, உங்கள் விலாசம் மூன்றையும் எழுதி ஒட்டினால் என்ன?

நானா, நான் வாங்கிய போத்தலின் லேபிளில் திகதியும் விலையும் இல்லாததற்கு முறைப்பாடு செய்யலாமா?

கல்முனை பாமசி

செய்யலாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, 1977க்கு அழையுங்கள். போத்தல், காசு கட்டிய துண்டு, அவர் அனுப்பிய பத்திரத்தின் படம், வட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் வைத்திருங்கள். இந்திய எண்ணெய் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சென்னையிலிருந்து பையில் கொண்டு வந்து விற்கும் போத்தல்களில் அந்த ஒட்டுத்தாள் இருக்காது. பிறகு பிரச்சினை என்று வந்தால் யாரைப் பிடிப்பது?

ஆரையம்பதி தம்பி

அண்ணை, போத்தலின் படம் போனில் கிடந்தது, இப்போதுதான் பெருப்பித்துப் பார்த்தேன். முதல் பெயர் நல்லெண்ணெய். பரஃபின் இல்லை. இனி அந்தக் கடைக்குள் எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை.