சாரிடம் நேரம் கேட்கும் செய்தி: பார்த்துச் சொல்லுங்கள்

நண்பர்களே, எங்கள் இயற்பியல் சாருக்கு அனுப்ப இதை எழுதியிருக்கிறேன்:

“வணக்கம் சார். தனி ஊசல் சோதனையில் g மதிப்பு 30 செ.மீ. நீளத்தில் 9.2, 100 செ.மீ. நீளத்தில் 9.6 என ஏறிக்கொண்டே போகிறது. T² வரைபடக் கோடும் ஆதிப்புள்ளி வழியே போகவில்லை. குண்டின் மையம் வரை அளக்காமல் நூலை மட்டும் அளந்ததுதான் காரணமா என்று கேட்க வேண்டும். செவ்வாய் மாலை 3.30, வியாழன் மதியம் 12.45, இரண்டில் எது வசதி சார்? 15 நிமிடம் போதும். நோட்டோடு வருகிறேன்.”

போன வாரம் ‘ஒரு சந்தேகம், எப்போது வரலாம்?’ என்று மட்டும் அனுப்பினேன், பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை ரெக்கார்டு வைக்க வேண்டும். அதையும் சொல்லலாமா, அவசரப்படுத்துவதுபோல் இருக்குமா? அப்புறம், நேரத்தை நாமே சொல்வது மரியாதைக் குறைவாகத் தெரியுமா?