‘டிஃபர்டு அக்செப்டன்ஸ்’: ஒத்திவைப்பா, கைவசமா?

வளர்மதி:
வணக்கம். எங்கள் பள்ளிக் கண்காட்சியில் பானை வனைதல், தொலைநோக்கி, பொம்மலாட்டம் என்று சில அரங்குகள் வைக்கிறோம். ஒவ்வொன்றிலும் இடம் கொஞ்சம்தான். பிள்ளைகள் விருப்பங்களை வரிசையாக எழுதித் தருவார்கள், அதைப் பார்த்து ஒதுக்க வேண்டும். ஆசிரியர்களுக்கான குறிப்பில் ‘டிஃபர்டு அக்செப்டன்ஸ்’ முறைக்கு ‘ஒத்திவைத்த ஏற்பு’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துகிறதா?

இளங்கோ:
‘ஒத்திவைப்பு’ என்றதும் எனக்கு நீதிமன்ற வாய்தாதான் நினைவுக்கு வருகிறது. அங்கே ஒன்றும் நடக்காமல் நாள் தள்ளிப்போகும். இந்த முறையில் ஏற்பு நடந்துவிடுகிறது, அதை உறுதிசெய்வது மட்டும்தான் தள்ளிப்போகிறது.

பானை அரங்கில் ஒரே இடம், ஆறாம் வகுப்புக்கு முன்னுரிமை என்று வையுங்கள். ஏழாம் வகுப்புப் பாலன் முதல் சுற்றிலேயே கேட்கிறான், வேறு யாரும் கேட்கவில்லை. அவனை வைத்துக்கொள்கிறார்கள். தொலைநோக்கியில் இடம் கிடைக்காத ஆறாம் வகுப்புச் செல்வி அடுத்த சுற்றில் பானைக்கு வருகிறாள். இப்போது பாலன் எழுந்து தன் இரண்டாம் விருப்பத்தைக் கேட்கப் போக வேண்டும். அங்கே அவன் வேறொருவரை எழுப்பவும் கூடும். யாரும் நகராத நிலை வந்த பிறகே எல்லா இடமும் உறுதி. கணித அறிஞர்கள் கேலும் ஷாப்லியும் 1962இல் கல்லூரிச் சேர்க்கையை வைத்து எழுதியது இதைத்தான். அதனால் ‘கைவச ஏற்பு’ என்பேன்.

செந்தில்:
இவ்வளவு சுற்று எதற்குங்க? முதலில் எல்லாருடைய முதல் விருப்பத்தையும் பார்த்துக் கொடுத்துவிடுவோம். மிஞ்சிய இடத்துக்கு இரண்டாம் விருப்பம். நிறையப் பேருக்குக் கேட்டது கிடைக்கும். பெயரும் சுலபம்: ‘உடனடி ஏற்பு’.

நசீமா:
எங்கள் நூலக விழாவில் அரை மணிக்கு ஒரு டோக்கன் கொடுத்தோம், நெரிசலே இல்லை. ‘முறைச்சீட்டு’ என்று வைத்துக்கொள்ளலாமே?

வளர்மதி:
நசீமாக்கா, நேரம் பிரிப்பது சிக்கல் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு அரங்குதான், அது எது என்பதுதான் கேள்வி. செந்தில் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது.

இளங்கோ:
நிறையப் பேருக்கு முதல் விருப்பம் கிடைக்கும் என்பதில் செந்திலோடு எனக்குத் தகராறு இல்லை. இடிக்கிற இடம் வேறு. மூன்று அரங்கு, தலா ஓர் இடம். குலுக்கலில் அமுதா முதல், பாலன் இரண்டு, செல்வி மூன்று. அமுதாவும் பாலனும் பானை, தொலைநோக்கி, பொம்மலாட்டம் என்று எழுதுகிறார்கள். செல்வி தொலைநோக்கியை முதலில் எழுதுகிறாள். உடனடி ஏற்பில் அமுதாவுக்குப் பானை, செல்விக்குத் தொலைநோக்கி. குலுக்கலில் செல்விக்கு முன்னால் இருக்கும் பாலன் பொம்மலாட்டத்துக்குப் போய்விடுகிறான், அது அவனுடைய மூன்றாம் விருப்பம். தொலைநோக்கிதான் முதல் விருப்பம் என்று பொய் எழுதியிருந்தால் அது அவனுக்கே கிடைத்திருக்கும்! அடுத்த வருஷம் விவரமான வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள். பாஸ்டன் நகரப் பள்ளிகள் 2005இல் உடனடி ஏற்பைக் கைவிட்டதும் இந்தக் கணக்கு விளையாட்டால்தான். கைவச ஏற்பில் பிள்ளை மனதில் உள்ளதை எழுதினால் நஷ்டமில்லை.

செந்தில்:
சரி, முறையை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘கைவசம்’ என்றால் கைக்கு வந்துவிட்டது என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? ‘தற்காலிக ஏற்பு’ என்றால் குழப்பம் இருக்காது.

இளங்கோ:
பொறியியல் கலந்தாய்வில் ‘தற்காலிக ஒதுக்கீடு’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அங்கே உறுதிசெய்ய வேண்டியது மாணவர். இங்கே மாணவர் சும்மா இருக்கிறார், அரங்குதான் உறுதி சொல்லாமல் வைத்திருக்கிறது. சொல் ஒட்டிக்கொண்டால் அந்தப் பொருளும் கூடவே வரும்.

வளர்மதி:
எங்கள் அரங்குகளில் வகுப்பு முன்னுரிமை கிடையாதே. எல்லாருக்கும் ஒரே குலுக்கல்தான்.

இளங்கோ:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அம்மா! எல்லா அரங்குக்கும் ஒரே குலுக்கல் வரிசை என்றால், அந்த வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மிச்சமிருப்பதில் அவர்களுக்குப் பிடித்ததைக் கொடுத்தால் போதும். சுற்றுச் சுற்றாகப் போனாலும் அதே முடிவுதான் வரும். அரங்குக்கு ஒரு குலுக்கல் மட்டும் வேண்டாம். பாலன் ஆசைப்பட்டது செல்வியிடமும், செல்வி ஆசைப்பட்டது பாலனிடமும் மாட்டிக்கொள்ளலாம். இருவரும் மாற்றிக்கொள்ளலாமா என்று உங்களிடம் வந்து நிற்பார்கள்.

செந்தில்:
அப்போ அவர்கள் குறிப்பில் இந்தச் சொல்லே தேவையில்லை, ‘குலுக்கல் வரிசை’ போதும். ஆனால் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க எது? என் ஓட்டு இன்னும் ‘தற்காலிக ஏற்பு’க்குத்தான்.

நசீமா:
‘விடாப்பிடி’ இருக்கிற மாதிரி ‘விடும்பிடி’ என்று ஒன்று வைத்தால் என்ன?

இளங்கோ:
சிரித்துவிட்டேன் அக்கா, ஆனால் பொருள் பிசகவில்லை. அதையும் மூன்றாவதாகக் குறித்து வைக்கிறேன்.